அமெரிக்கப் பென்ஷனுக்கு நோட்டீஸ்: விலக்கு கேட்பதா, கிரெடிட் கேட்பதா?

அமெரிக்காவில் இருபது இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்தியா திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பென்ஷன் வரும். ஒன்று, அந்த நாட்டு அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி. மற்றொன்று, வேலை பார்த்த நிறுவனத்தின் பென்ஷன் திட்டத்திலிருந்து வருவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில், டாலரிலிருந்து ரூபாயாக மாறி வந்து விழும். பாஸ்புக்கைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்தியா - அமெரிக்கா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் கண்ணில் இவை ஒன்றுக்கொன்று நேரெதிர். வருமான வரித் துறையிடமிருந்து நோட்டீஸ் வரும்போது எந்த வழியில் பதில் சொல்வது என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒரு பெரியவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்களை எளிமைப்படுத்தியிருக்கிறேன். வயது 70, இந்தியக் குடிமகன், கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பல வருஷம் ஆகிறது. சோஷியல் செக்யூரிட்டி மாதம் 1,400 டாலர். நிறுவன பென்ஷன் மாதம் 900 டாலர். அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவர் என்பதால் முதலாவதில் 25.5 சதவீதம் பிடித்தம். அதாவது தொகையில் 85 சதவீதத்துக்கு 30 சதவீத வரி. இரண்டாவதில் முழுத் தொகைக்கும் 30 சதவீதப் பிடித்தம். அங்கேயே இவ்வளவு பிடித்துவிட்டார்களே, இங்கே எதற்குக் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னை நேரத்தோடு போட்டார். அதில் இந்திய வங்கி வட்டி 2,40,000 ரூபாய் மட்டும் இருந்தது. 2025 ஜூனில், ரிட்டர்னை ஆய்வுக்கு எடுத்திருப்பதாகச் சொல்லும் 143(2) நோட்டீஸ் வந்தது. வெளிநாட்டிலிருந்து 16,66,308 ரூபாய் வந்திருக்கிறது, அது ஏன் வருமானமாகக் காட்டப்படவில்லை என்பது கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது அந்த 16,66,308 என்ற எண்ணைத்தான். அது வங்கிக்கு வந்து சேர்ந்த நிகரத் தொகை. 1,400 டாலரில் பிடித்தம் போக 1,043. 900 டாலரில் பிடித்தம் போக 630. இரண்டும் சேர்ந்து மாதம் 1,673 டாலர். டாலருக்கு ஒரே சீராக 83 ரூபாய் என்று வைத்தால் 12 மாதத்துக்கு நோட்டீஸில் உள்ள தொகை அப்படியே வரும். ஆனால் வருமானம் என்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகை: சோஷியல் செக்யூரிட்டி 13,94,400 ரூபாய், நிறுவன பென்ஷன் 8,96,400 ரூபாய். பலரும் நோட்டீஸில் உள்ள எண்ணுக்கே பதில் எழுதிவிடுகிறார்கள். பிறகு பென்ஷன் ஸ்டேட்மென்ட்டை இணைக்கும்போது அதில் பெரிய தொகை இருப்பதைப் பார்த்து அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்பார். மொத்தத் தொகையை நாமே முன்வந்து சொல்லிவிட்டு, அதிலிருந்து நிகரம் எப்படி வந்தது என்று காட்டுவதுதான் நல்லது.

இனி வழிகள். பதிலே போடாமல் விடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. ஆனால் அதன் விலையைத் தெரிந்துகொள்ளலாம். விளக்கம் இல்லாத வங்கி வரவு என்று 69ஏ பிரிவில் கொண்டுபோனால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம் போய்விடும். பென்ஷன் என்று நிரூபிக்கும் ஸ்டேட்மென்ட் கையில் இருக்கும்போது இந்த நிலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

"எல்லாத்தையும் காட்டிடலாம் சார், அங்கே கட்டின வரிக்குக் கிரெடிட் எடுத்துக்கலாம்" என்பது பல ஆடிட்டர்கள் சொல்லும் வழி. கேட்க நியாயமாக இருக்கும். இரண்டு பென்ஷனையும் இந்திய வருமானத்தில் சேர்த்து, அமெரிக்கப் பிடித்தத்தை இந்திய வரியில் கழித்துக்கொள்ள படிவம் 67 வழியாகக் கிரெடிட் கேட்பது. இன்னொரு வழி, ஒப்பந்தத்தைத் திறந்து ஒவ்வொரு பென்ஷனுக்கும் அது எந்த நாட்டுக்கு உரிமை தருகிறது என்று பார்த்து, அதன்படி ஒன்றுக்கு விலக்கு கேட்டு, மற்றதற்கு இங்கே வரி கட்டுவது. என் கட்சி இரண்டாவதுதான். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

1989-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் பென்ஷனுக்கு 20-வது பிரிவு. அதன் முதல் பத்தி, ஒரு நாட்டில் குடியிருப்பவர் மறு நாட்டிலிருந்து பெறும் தனியார் பென்ஷனுக்கு அவர் குடியிருக்கும் நாட்டில் மட்டுமே வரி என்கிறது. அப்படியானால் நிறுவன பென்ஷனுக்கு இந்தியாவில் மட்டுமே வரி. அமெரிக்கா பிடித்த 30 சதவீதம் பிடித்திருக்கவே கூடாதது. இரண்டாவது பத்தி, ஒரு நாட்டு அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டிக்கு அதைத் தரும் நாட்டில் மட்டுமே வரி என்கிறது. அப்படியானால் அந்த 13,94,400 ரூபாய் இந்தியாவில் வரிக்கு உட்பட்டதே அல்ல. அமெரிக்கா பிடித்த 25.5 சதவீதம் சரியான பிடித்தம். அது திரும்பி வராது.

'மட்டுமே' என்ற அந்தச் சொல்தான் இங்கே எல்லாம். ஒப்பந்தத்தின் வேறு இடங்களில் 'வரி விதிக்கலாம்' என்று வரும். அங்கெல்லாம் இரண்டு நாடும் கை வைக்கலாம்; குடியிருக்கும் நாடு கிரெடிட் தர வேண்டும். 2008-ல் மத்திய அரசு வெளியிட்ட ஓர் அறிவிக்கை, அப்படிப்பட்ட வருமானத்தை இந்தியாவில் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் நிவாரணம் தர வேண்டும் என்று சொன்னது. அது 'வரி விதிக்கலாம்' என்ற சொல்லுக்கு. 'மட்டுமே' என்று இருக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. இங்கே குடியிருப்பவருக்கு உலக வருமானம் முழுவதும் வரிக்குரியது என்று அதிகாரி வருமான வரிச் சட்டத்தின் 5-வது பிரிவைக் காட்டினால், பதில் அதே சட்டத்தின் 90(2)-ல் இருக்கிறது: சட்டம், ஒப்பந்தம் இரண்டில் எது வரி கட்டுபவருக்குச் சாதகமோ அதை அவர் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கணக்கு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டின் புதிய வரி முறையில், ஒப்பந்தப்படி போனால் வரிக்குரியது நிறுவன பென்ஷனும் வட்டியும்தான். பென்ஷன் சம்பளத் தலைப்பில் வருவதால் 50,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. 8,96,400-ல் அதைக் கழித்து 2,40,000 வட்டியைச் சேர்த்தால் 10,86,400. அதற்கு ஸ்லாப்படி 72,960 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 75,878. இதை இங்கே கட்டிவிட்டு, நிறுவன பென்ஷனில் பிடித்த 3,240 டாலரை, அதாவது 2,68,920 ரூபாயை, அமெரிக்க வரித் துறையிடம் திருப்பிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டினால் மொத்தம் 24,80,800. வரி, செஸ் சேர்த்து 4,62,010. ஆடிட்டர் சொன்னபடி இரண்டு பிடித்தத்துக்கும் கிரெடிட் கிடைத்தால் என்ன ஆகும்? கிரெடிட் என்பது அந்த வருமானத்துக்கான இந்திய வரி, அங்கே கட்டிய வரி, இரண்டில் குறைந்தது. சோஷியல் செக்யூரிட்டிக்கு 2,59,685, நிறுவன பென்ஷனுக்கு 1,57,629. மிச்சம் கட்ட வேண்டியது 44,696 ரூபாய்தான்.

75,878 எங்கே, 44,696 எங்கே! இந்த இடத்தில்தான் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. முதலாவது, வருமான வரி விதிகளில் உள்ள விதி 128. ஒப்பந்தப்படி கட்ட வேண்டியதற்கு மேல் வெளிநாட்டில் கட்டியிருந்தால் அந்த அதிகப்படியைக் கிரெடிட்டில் சேர்க்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நிறுவன பென்ஷனுக்கு ஒப்பந்தப்படி அமெரிக்காவில் கட்ட வேண்டியது பூஜ்யம். ஆகவே கிரெடிட்டும் பூஜ்யம். விதியைத் தெரிந்த அதிகாரி அந்த 1,57,629-ஐ அடித்துவிட்டால் கட்ட வேண்டியது 2,02,325 ஆகிவிடும். இந்தியா கேட்கவே கூடாத சோஷியல் செக்யூரிட்டி, மற்ற வருமானத்தை 30 சதவீத ஸ்லாபுக்குள் தள்ளிவிட்டதுதான் இதற்குக் காரணம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. கிரெடிட் கிடைத்தே விட்டாலும், அமெரிக்காவில் தவறாகப் பிடித்த 2,68,920 ரூபாய் அங்கேயே தங்கிவிடுகிறது. இங்கே 31,000 ரூபாய் மிச்சம் பிடித்து அங்கே இரண்டரை லட்சத்துக்கு மேல் விடுவது என்ன கணக்கு? இரண்டு நாட்டுக்கும் போகும் பணத்தைச் சேர்த்துப் பார்த்தால், ஒப்பந்த வழியில் இந்தப் பெரியவருக்கு வருஷத்துக்கு 2,37,738 ரூபாய் லாபம்.

கிரெடிட் வழிக்கு இன்னொரு இடைஞ்சல், நேரம். படிவம் 67-ஐ மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் போட வேண்டும். இவருக்கு அது 2025 மார்ச் 31. நோட்டீஸ் வந்தது ஜூனில். தாமதமான படிவத்தைத் தீர்ப்பாயங்கள் ஏற்றிருக்கின்றன என்றாலும், அதற்காக மேல்முறையீடு வரை போக வேண்டிவரலாம். விலக்குக்குப் படிவம் 67 தேவையே இல்லை, ஏனென்றால் கிரெடிட் எதுவும் கேட்கவில்லை. அமெரிக்க அரசின் குடியிருப்புச் சான்றிதழும் இவருக்குத் தேவையில்லை. சட்டம் அதைக் கேட்பது இந்தியாவில் குடியிராதவர்களிடம்தான்.

அப்படியென்றால் கிரெடிட் வழி யாருக்கும் பொருந்தாதா? பொருந்தும். அமெரிக்கக் குடியுரிமை வைத்துக்கொண்டு இந்தியாவில் குடியிருப்பவருக்குக் கதை வேறு. தன் குடிமக்கள் மீது வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா ஒப்பந்தத்தில் தனியாகத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய நிறுவன பென்ஷனை அந்த நாடு விடாது, இந்தியாவும் விடாது. அங்கே கிரெடிட்டைப் பற்றித்தான் பேச வேண்டும், அதுவும் எந்த நாடு யாருக்குத் தருவது என்ற தனிச் சிக்கலோடு. மாதாமாதம் இல்லாமல் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து ஒரே தொகையாக எடுத்தவர்களும் 20-வது பிரிவை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. பென்ஷன் என்றால் தவணை தவணையாக வருவது என்று ஒப்பந்தமே வரையறை சொல்கிறது. அமெரிக்க அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு 19-வது பிரிவு. இந்தியா திரும்பி ஓரிரு வருஷமே ஆனவர்கள், ஒப்பந்தத்துக்கு முன் பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணட்டும். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாகவோ, முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாளுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவராகவோ இருந்தால், அமெரிக்கக் கணக்கில் வாங்கிய பென்ஷன் இங்கே வரிக்கே வராது. நேராக இந்திய வங்கியில் வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும். வந்தவுடன் வங்கிக் கணக்கை மாற்ற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஸ்டேட்மென்ட்கள். விலக்கு நிற்பதும் விழுவதும் இவற்றில்தான். 'இது சோஷியல் செக்யூரிட்டி' என்று கடிதத்தில் எழுதினால் போதாது. பணம் கொடுத்தது அமெரிக்க அரசு என்று தாளில் தெரிய வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஆண்டுதோறும் அனுப்பும் SSA-1042S-ல் அந்த வருஷம் கொடுத்த தொகை, வரி விகிதம், பிடித்த வரி எல்லாம் இருக்கும். நிறுவன பென்ஷனுக்கு வருவது 1042-S. அதில் வருமானக் குறியீடு 15 என்று இருந்தால் பென்ஷன். கொடுத்தவர் இடத்தில் பென்ஷன் திட்டத்தின் பெயரோ அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது 20-வது பிரிவின் எந்தப் பத்திக்குப் போகிறது என்று யாருக்கும் விளங்கும்.

சிக்கல் என்னவென்றால், இவை இரண்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானவை. நமக்கு வேண்டியது 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை. 2023-க்கான தாளை மட்டும் இணைத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை வேண்டாத மூன்று மாதம் உள்ளே வந்து, வேண்டிய மூன்று மாதம் வெளியே நிற்கும். அதனால் 2023, 2024 இரண்டு வருஷத் தாள்களோடு மாதாந்தர ஸ்டேட்மென்ட்களும் வேண்டும். அவற்றை வைத்து 12 வரியில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு வரி இப்படிப் போகும்: ஜூலை 2023, நிறுவன பென்ஷன் 900 டாலர், பிடித்தம் 270, நிகரம் 630, வங்கிக்கு வந்த தேதி, வந்த ரூபாய், வங்கி ஸ்டேட்மென்ட்டின் பக்க எண்.

வரிக்கான ரூபாய் மதிப்பு வேறு, வங்கி மாற்றித் தந்த ரூபாய் வேறு. சம்பளத் தலைப்பில் வரும் வருமானத்துக்கு, முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விகிதத்தைப் போட வேண்டும். ஜூலை பென்ஷனுக்கு ஜூன் 30-ன் விகிதம். மேலே நான் எல்லாவற்றுக்கும் 83 போட்டது விளக்கத்துக்காக. உண்மையான அட்டவணையில் இரண்டு ரூபாய்த் தொகையும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் அதற்காக இன்னொரு கேள்வி வராது. சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா பிடிக்கப்படுபவர்களுக்கு நிகரம் இன்னும் குறையும். அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அது வரி அல்ல.

பதிலைப் போர்ட்டலில் இ-புரொசீடிங்ஸ் பகுதியில் ஏற்ற வேண்டும். முகமறியா மதிப்பீடு என்பதால் எதிரே உட்கார்ந்து விளக்க ஆளில்லை. முன்பின் தெரியாத ஒருவர் திரையில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் பக்கக் கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வரவு மொத்தம் எவ்வளவு, அதில் அரசுத் தொகை எவ்வளவு, நிறுவனத் தொகை எவ்வளவு. முன்னதற்கு 20(2)-ன் கீழ் விலக்கு, பின்னதை வரிக்கு ஒப்புக்கொள்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்து அட்டவணை, ஸ்டேட்மென்ட்கள், ஒப்பந்தத்தின் 20-வது பிரிவுப் பக்கம், வங்கிப் பக்கங்கள். கெடுவுக்குள் அமெரிக்கத் தாள்கள் வந்து சேராது என்றால், கெடு தாண்டுவதற்கு முன்பே அவகாசம் கேளுங்கள்.

நிறுவன பென்ஷனைக் காட்டாமல் விட்டது தவறுதான். அதை மழுப்ப வேண்டாம். திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் 2025 ஜனவரி 15-ஓடு போய்விட்டது, மதிப்பீட்டில்தான் சேர்ப்பார்கள். குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதம் அபராதம் வரலாம். இவருக்கு அது சுமார் 38,000 ரூபாய். தவறாகக் காட்டியது என்று முத்திரை குத்தினால் 200 சதவீதம். உத்தரவு வந்ததும் வரியைக் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், படிவம் 68-ல் அபராத விலக்கு கேட்க வழி இருக்கிறது. இந்த 200 சதவீத வகைக்கு மட்டும் அது கிடையாது. நேராக ஒப்புக்கொள்ளும் பதில் இங்கே கைகொடுக்கும். ஒரு சின்ன ஆறுதலும் உண்டு: 60 வயதைத் தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவர்கள் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. அதனால் 234பி வட்டி இவருக்கு வராது. கணக்கில் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

இதோடு அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதும் இருக்கிறது. பிடித்ததைத் திரும்பப் பெற 1040-NR ரிட்டர்ன், அதோடு 1042-S. அது காலண்டர் வருஷக் கணக்கு, பொதுவாக மூன்று ஆண்டு எல்லை. 2023-ஐ முதலில் போட்டுவிடுங்கள். அதே வாரத்தில் பென்ஷன் தரும் நிறுவனத்துக்கு, வெளிநாட்டவர் என்று அறிவிக்கும் W-8BEN படிவத்தை அனுப்பி, இந்தியாவில் குடியிருப்பதையும் 20-வது பிரிவையும் குறிப்பிட்டால் அடுத்த மாதங்களில் பிடித்தம் நிற்கும். அடுத்த ஜனவரிக்குப் பிறகு வரும் 1042-S-ல் விலக்குக் குறியீடு 04 என்றும் பிடித்தம் பூஜ்யம் என்றும் இருந்தால் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் படிவம் எங்கோ மேஜையில் தூங்குகிறது.

அடுத்த இந்திய ரிட்டர்னில் சோஷியல் செக்யூரிட்டியை மறைக்காமல் Schedule EI பகுதியில் காட்டுங்கள். ஒப்பந்தப்படி வரிக்கு வராத வருமானத்துக்கு அங்கே தனி வரிசை உண்டு: தொகை, நாடு, பிரிவு எண், குடியிருப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்ற கேள்வி. கடைசிக் கட்டத்தில் இல்லை என்று போடத் தயங்க வேண்டாம். இவர் முதல் வருஷமே அந்த ஒரு வரிசையை நிரப்பியிருந்தால், ஜூன் மாத நோட்டீஸில் நிறுவன பென்ஷனைப் பற்றி மட்டும்தான் கேட்டிருப்பார்கள்.